வெற்றுச் செய்திக்குள் இருப்பது என்ன?

கைபேசிக்கு ஒரு செய்தி வருகிறது. திறந்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் கணினிக்கு அது வெறுமை அல்ல. இடைவெளிக்கு 32, வரி முறிவுக்கு 10 என எண்கள் உண்டு. இவை மட்டுமே இருந்தால், ஓரங்களைக் கத்தரித்துப் பார்க்கும் செயலி அனுப்பவிடாது.

U+200B என்ற அகலமில்லா இடைவெளி அதில் தப்பிவிடுகிறது. பெயரில் இடைவெளி இருந்தாலும் யூனிகோடு அதை அந்த வகையில் சேர்க்கவில்லை. எனவே பைத்தானின் `strip()` அதைத் தொடுவதில்லை:

```
len("\u200b".strip())
```

விடை 1. கண்ணுக்குத் தெரியாத எழுத்தை இந்த நீளம் காட்டிக்கொடுக்கிறது.

அதற்காக, தெரியாத எழுத்துகளையெல்லாம் நீக்கிவிடக் கூடாது. U+200D போனால் குடும்ப எமோஜி தனித்தனி முகங்களாகச் சிதறும். U+200C போனால் பாரசீக எழுத்துகள் தவறாக ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்றாவது இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.