பக்கவாட்டில் அமர்ந்து பார்க்கும் வீட்டுக்கு எந்த டி.வி. பேனல்?

கடைகளில் எல்.இ.டி. டி.வி. என்று விற்கப்படுபவை பெரும்பாலும் எல்.சி.டி. டி.வி.களே. எல்.இ.டி. என்பது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு மட்டும்தான். அந்த வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி விடுவதும் தடுப்பதும் முன்னால் இருக்கும் திரவப் படிக அடுக்கின் வேலை. அந்தப் படிகங்கள் அசையும் விதத்தைப் பொறுத்து, டி.வி.க்களில் இரண்டு வகைப் பேனல்கள் அதிகம் புழங்குகின்றன: ஐ.பி.எஸ்., வி.ஏ.

வி.ஏ. பேனலில் மின்சாரம் இல்லாதபோது படிகங்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும். அந்த நிலையில் அவை பின்விளக்கை ஏறக்குறைய முழுதாக மறைத்துவிடுவதால் கறுப்பு கறுப்பாகவே தெரியும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம் இதில் 3,000-க்கு 1 என்ற அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். ஐ.பி.எஸ். பேனலில் படிகங்கள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே சுழலும். வெளிச்சம் கொஞ்சம் கசியும் என்பதால் விகிதம் 1,000-க்கு 1 என்ற அளவில் நின்றுவிடுகிறது.

நேர் எதிரே அமர்ந்தால் வி.ஏ.தான் நல்ல படம் தரும். பக்கவாட்டுக்கு நகர்ந்தால் நிலைமை மாறும். ஒரு காட்சியில் நடுத்தர வெளிச்சமுள்ள இடங்களில் வி.ஏ. படிகங்கள் பாதி சாய்ந்து நிற்கின்றன. எதிரே இருப்பவருக்கும் ஓரத்தில் இருப்பவருக்கும் அந்தச் சாய்வு ஒரே மாதிரி தெரிவதில்லை. அதனால் ஓரத்திலிருந்து பார்க்கும்போது நிழல் பகுதிகள் வெளிறி, முகத்தின் நிறம் சோகை பிடித்ததுபோல் ஆகிவிடும். பல மாடல்களில் 20, 25 டிகிரியிலேயே இது தொடங்கிவிடுகிறது. ஐ.பி.எஸ். படிகங்கள் படுத்தபடியே சுழல்வதால் ஓரத்திலும் நிறம் பெரிதாக மாறுவதில்லை.

விளம்பர அட்டையில் இரண்டு வகைக்கும் 178 டிகிரி என்றே போட்டிருக்கும். விகிதம் 10-க்கு 1 என்று விழும்வரை எண்ணிச் சொல்லும் கணக்கு அது. படம் நன்றாகத் தெரியுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை ஒதுக்கிவிட்டு வீட்டில் டேப் வைத்து அளப்பதே சரி.

12 அடி அகலமுள்ள ஹாலில், சுவரின் நடுவே 55 அங்குல டி.வி. மாட்டியிருக்கிறது என்று கொள்வோம். எதிரே 9 அடியில் சோபா. அதன் ஓர இருக்கை நடுக்கோட்டிலிருந்து 3 அடி தள்ளியிருந்தால் கோணம் சுமார் 18 டிகிரி, வி.ஏ. சமாளிக்கும். பக்கச் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி, டி.வி. மாட்டிய சுவரிலிருந்து 5 அடி, நடுக்கோட்டிலிருந்தும் 5 அடி. இரண்டு அளவும் சமமானால் கோணம் 45 டிகிரி. அதோடு முடியவில்லை. இந்தத் திரை நடுவிலிருந்து இருபுறமும் 2 அடி விரிந்திருப்பதால், அந்த நாற்காலிக்கு அருகிலுள்ள ஓரம் 31 டிகிரியிலும் எதிர் ஓரம் 54 டிகிரியிலும் தெரியும். வி.ஏ. திரையாக இருந்தால் ஒரே படம் ஒரு பக்கம் சுமாராகவும் மறுபக்கம் வெளுத்தும் இருக்கும். அந்த நாற்காலியில் தினமும் ஒருவர் உட்காரும் வீட்டுக்கு ஐ.பி.எஸ். வாங்குவதே நியாயம்.

ஐ.பி.எஸ்.ஸின் குறை இரவில்தான் வெளிப்படும். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டுக் காட்சி பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். மூலைகளில் லேசான ஒளிர்வும் படரும். ஹாலில் விளக்கு எரியும்போது அந்த வேறுபாடு பெருமளவு மறைந்துவிடும். ஆகவே விளக்கெரிய சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் குடும்பம் ஐ.பி.எஸ்.ஸால் இழப்பது குறைவு. இருட்டில் படம் பார்ப்பவர்கள், அதுவும் நேர் எதிரே உட்கார்ந்து பார்ப்பவர்கள், வி.ஏ.யை விடக் கூடாது.

கடையின் பளிச்சென்ற விளக்கில் கறுப்பின் தரத்தை எடைபோட முடியாது, கோணத்தை எடைபோடலாம். முகம் பெரிதாகத் தெரியும் காட்சியை நிறுத்தச் சொல்லி, நேர் எதிரிலிருந்து வீட்டு நாற்காலியின் கோணம்வரை மெதுவாக நகர்ந்து பார்க்க வேண்டும். கன்னத்தின் நிறம் வெளுத்தால் அது பெரும்பாலும் வி.ஏ. வாங்கப்போகும் அளவிலேயே இதைப் பார்ப்பது முக்கியம். ஒரே மாடலின் 43 அங்குலத்தில் ஒரு வகையும் 55 அங்குலத்தில் வேறு வகையும் இருப்பதுண்டு.

விலை உயர்ந்த சில வி.ஏ. டி.வி.களில் கோணத்தை விரிக்கும் படலம் ஒட்டியிருப்பார்கள். அதற்கு ஈடாகக் கறுப்பின் ஆழம் கொஞ்சம் குறையும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. இரண்டையும் சேர்த்துத் தரும், விலைதான் அதிகம். ஏற்கெனவே வி.ஏ. வாங்கிவிட்டவர்களுக்குச் சுழலும் ஸ்டாண்டு உதவும். மேலே சொன்ன ஹாலில் டி.வி.யை நாற்காலிப் பக்கம் 15 டிகிரி திருப்பினால் நாற்காலியின் கோணம் ஏறக்குறைய 30 ஆகக் குறையும். சோபாவின் நடுவில் இருப்பவருக்கு 15-தான் கூடும். ஆனால் நாற்காலிக்கு எதிர்ப்பக்க சோபா ஓரத்தில் இருப்பவருக்கு அது 33 ஆகிவிடும் என்பதால், அந்த இடத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்துத் திருப்ப வேண்டும்.