ஏற்காடு மேட்டில் தினமும் மூச்சிரைக்க ஓடினால் கொழுப்பு சீக்கிரம் கரையுமா?

வண்டி வராத ஒரு மேட்டில் ஒரு நிமிடம் முழுவேகமாக ஏறுங்கள்; இரண்டு நிமிடம் மெல்ல இறங்குங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் தீவிர இடைவெளிப் பயிற்சி. நிறுத்திய பின்னும் நாள் முழுக்கக் கொழுப்பு எரியும் என்கிறார்களே, உண்மையா?

விறகடுப்பை நினைத்துப் பாருங்கள். தீ அணைந்தபின் தணலில் பால் சூடாக இருக்கும், சோறு வேகாது. உடலின் தணலும் அப்படித்தான். 20 நிமிடத்தில் 200 கலோரி செலவானால், பிறகு எரிவது ஏறக்குறைய 20, 30தான். ஒரு கிலோ கொழுப்பிலோ சுமார் 7,700 கலோரி! சாப்பாடு மாறாவிட்டால் முப்பதுக்கு மேல் பயிற்சிகள் வேண்டும். பத்து நாளில் ஐந்து கிலோ குறைந்தால், போனதில் பெரும்பகுதி தண்ணீர்.

தினமும் ஓடலாமே? களைத்த தசை தேற ஒன்றிரண்டு நாள் ஆகும். வாரம் இரண்டு, பழகியபின் மூன்று போதும்; மற்ற நாள் பேசிக்கொண்டே நடங்கள். காலையில் எழுந்ததும் நாடி வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடி, காலும் கனத்தால், அன்று மேடு வேண்டாம்.