ஆறு போட்டோ, ஒரு பக்கக் குறிப்பு

மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக்குத் தணிக்கை முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையின் பக்கங்களை யாரோ செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். மொத்தம் ஆறு படங்கள். மாலைக்குள் துறைத் தலைவருக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு வைக்க வேண்டும்.

முதலில் படங்களைப் பக்க எண்படி அடுக்க வேண்டும். அனுப்பிய வரிசையை நம்பக் கூடாது. அடுக்கியதும் 3-க்குப் பிறகு 5 வருகிறது. நாலாம் பக்கத்தைக் காணோம். 3-இன் கடைசி வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கிறது. ஊகித்து ஒட்டவைக்காமல் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வரவில்லையென்றால், ‘பக்கம் 4 கிடைக்கவில்லை’ என்று குறிப்பின் தலையிலேயே எழுத வேண்டும்.

காலாவதியான மருந்துகளின் பட்டியலில் ஒரு தொகை 7,330-ஆ 7,830-ஆ என்று தெரியவில்லை. மேலே விளக்கு வெளிச்சம் பளபளக்கிறது. மற்ற இரண்டு தொகைகள் 18,450, 2,600. கூட்டுத்தொகை 28,380. கழித்துப் பார்த்தால் 7,330. கூட்டுத்தொகையும் மங்கலாக இருந்தால் இந்த வழி உதவாது. அசல் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆபத்து நிலை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பணம் பெரிதென்றால் ஆபத்தும் பெரிது என்று எழுதிவிடுவார்கள். நம் அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது: இன்சுலின் வைத்திருக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டில் ஒன்பது நாட்கள் எதுவும் எழுதவில்லை. அதில் ரூபாய்க் கணக்கே கிடையாது. ஆனால் திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்தால் வீரியம் போய்விடும், பார்வைக்குத் தெரியாமலும் போகலாம். அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் இதுதான் ‘உயர்’. பதிவேட்டில் உள்ள காலாவதி மருந்து தனி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் ‘நடுத்தரம்’ போதும். இந்த நிலைகளைத் தணிக்கையாளர் தராமல் நாமே வைத்தால், ‘நமது மதிப்பீடு’ என்று பக்கத்தில் எழுதிவிடுவது நேர்மை. இல்லையென்றால் நாளை அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டியதாகிவிடும்.

‘கண்காணிப்பைப் பலப்படுத்த வேண்டும்’ என்பது நடவடிக்கையில் சேராது. யாரும் அதை முடிக்க முடியாது. குளிர்பெட்டி பற்றிய பத்தி இப்படி அமையலாம்:

‘பக்கம் 5, பத்தி 3.2: வெப்பநிலைப் பதிவேடு 9 நாட்கள் வெற்று. ஆபத்து: உயர் (நமது மதிப்பீடு). இருப்பிலுள்ள இன்சுலினை இன்றே தனியே வைத்து, தலைமை மருந்தாளுநரின் முடிவு வரும்வரை வழங்காமல் நிறுத்தலாம். காலை, மாலை பதிவுக்கு ஷிஃப்ட் மருந்தாளுநர் பொறுப்பு. முதல் வாரப் பதிவின் நகல் அடுத்த திங்களன்று தங்கள் மேசைக்கு.’

பக்க எண்ணும் பத்தி எண்ணும் விடுபடக் கூடாது. சந்தேகம் வந்தால் தலைவர் நம்மைக் கூப்பிடாமல் நேரே அந்தப் படத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்.