கறிவேப்பிலைத் தொட்டியின் நிழல்

மார்கழிக் காலை, மணி ஆறரை. சென்னை மொட்டை மாடியில் நின்றால் தூரத்து அடுக்குமாடிகள் பனிமூட்டத்தில் பாதிதான் தெரிகின்றன. சோலார் பேனலுக்கு அந்த மூட்டம் பெரிய எதிரி அல்ல, வெயிலேறினால் கலைந்துவிடும். பக்கத்துக் கறிவேப்பிலைத் தொட்டிதான் வில்லன்.

பேனலின் செல்கள் சரம்போல ஒன்றோடொன்று கோத்தவை. ஒரு செல் மேல் நிழல் விழுந்தாலும் அந்தச் சரம் முழுவதும் மின்னோட்டம் குறையும். அந்தச் சரத்தைத் தாண்டி மின்சாரம் போக, பின்புறம் பைபாஸ் டயோடு இருக்கும். வழக்கமாக ஒரு பேனலுக்கு மூன்று. ஆக, ஒரு கொத்து இலையின் நிழலுக்கே உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு போகலாம்.

டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நாலடிச் செடியின் நிழல் நண்பகலில் வடக்கே மூன்றடி நீளும். காலை 9 மணிக்கோ ஆறடி. அந்த மாதம் ஒருநாள் மாடியேறி, நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். உயரமான தொட்டிகளைப் பேனலுக்கு வடக்கே நகர்த்துங்கள். பேனலின் அடியில் கிடைக்கும் நிழலை வீணாக்க வேண்டாம். வெற்றிலைக்கொடிக்கு அதுதான் பிடிக்கும்.