மூன்று நிமிடத்தில் ஆடு புலி ஆட்டம்

ஆடு புலி ஆட்டத்தைத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால் பத்து நிமிடம் ஆகும். நடுவில் கேள்வி கேட்கலாம், தவறாக வைத்த காயைத் திரும்ப எடுக்கலாம். வீடியோவில் அது முடியாது. பார்ப்பவர் ஓர் இடத்தில் குழம்பினால், அடுத்து வரும் எதுவும் அவர் காதில் ஏறாது. அதனால் மூன்று நிமிட வீடியோவுக்கு எழுதும்போது, எதைச் சொல்வது என்பதைவிட எதை எப்போது சொல்வது என்பதே பெரிய வேலை.

முதலில் அளவு. நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்கள் பேசலாம். ஆனால் கை காயை நகர்த்தும்போது குரல் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாக ஓடினால் கண் ஒன்றைத் தவறவிடும். ஆகவே 300 சொல்லுக்கு இடமிருந்தாலும் 220 சொல்லில் முடிப்பது நல்லது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, காயை நகர்த்தியபடியே உரக்கப் படித்துப் பார்த்தால் உண்மையான நீளம் தெரிந்துவிடும்.

பலரும் பலகையிலிருந்து தொடங்குகிறார்கள். உச்சியில் ஒரு புள்ளி, அதிலிருந்து கீழே இறங்கும் நான்கு கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டி இருபுறமும் நீளும் மூன்று கோடுகள், அடியில் ஒரு கோடு, ஆக மொத்தம் 23 புள்ளிகள் என்று விவரிப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் புள்ளிகளால் என்ன பயன் என்று பார்ப்பவருக்கு இன்னும் தெரியாது. வடிவத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கை சொல்லத் தேவையில்லை. முதல் 20 வினாடியில் அவருக்கு வேண்டியது, தான் யார், எப்படி வெல்வது என்ற இரண்டு மட்டுமே. இந்த ஆட்டத்தில் இரு பக்கத்துக்கும் காயும் வேறு, நோக்கமும் வேறு என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்:

“ரெண்டு பேர் ஆடலாம். ஒருத்தருக்கு மூணு புலி, இன்னொருத்தருக்குப் பதினஞ்சு ஆடு. புலி ஆறு ஆட்டை வெட்டினா புலிக்கு ஜெயம். மூணு புலியையும் நகரவிடாம அடைச்சுட்டா ஆட்டுக்கு ஜெயம்.”

ஆறு என்ற எண் ஊருக்கு ஊர் மாறும். எல்லா வழக்கங்களையும் அடுக்கினால் புதியவர் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார். ஒன்றைத் தேர்ந்து, அதுவே விதி என்று தயங்காமல் சொல்லுங்கள். ஆறு ஆடு போனால் மீதி ஒன்பதுதான். அவற்றை வைத்து மூன்று புலியை அடைப்பது கடினம். எனவே அங்கே ஆட்டத்தை நிறுத்துவதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த 50 வினாடி தொடக்கத்துக்கு. உச்சியில் ஒரு புலி, அதற்கு அடுத்த வரிசையில் நடுவில் இரண்டு புலி. ஆட்டுக்காரர் முதலில் ஆடுகிறார்: காலியான ஏதாவது ஒரு புள்ளியில் ஓர் ஆட்டை வைக்கிறார். பிறகு ஒரு புலி கோட்டின் வழியே பக்கத்துப் புள்ளிக்கு நகர்கிறது. மறுபடியும் ஓர் ஆடு, மறுபடியும் ஒரு புலி. இங்கே ஒரே ஒரு கட்டுப்பாட்டைச் சொல்லிவிட வேண்டும்: பதினைந்து ஆடும் பலகைக்கு வரும்வரை எந்த ஆடும் நகராது. இதைப் பின்னால் தள்ளிவைத்தால், பார்ப்பவர் இரண்டாவது ஆட்டை வைத்ததுமே முதல் ஆட்டை நகர்த்தப் பார்ப்பார்.

இனி வருவதுதான் முடிச்சு. புலி ஆட்டை வெட்டுவது எப்படி? “ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும்” என்ற ஒரு வரி போதாது. எந்தத் திசையில், எங்கே போய் இறங்கும் என்பது அதில் இல்லை. பலகையின் கோடுகள் சாய்வாகவும் குறுக்காகவும் ஓடுவதால், புலி ஆட்டைச் சுற்றி வளைந்து போகலாம் என்று புதியவர் நினைத்துக்கொள்வார். அதனால் இதற்கு 40 வினாடி ஒதுக்கி, மூன்று நிலைகளைக் காட்ட வேண்டும்.

முதல் நிலை: உச்சியில் புலி, அதே கோட்டில் கீழே ஆடு, ஆட்டுக்குக் கீழே காலிப் புள்ளி. புலி குதிக்கிறது, ஆடு பலகையை விட்டு வெளியேறுகிறது. இரண்டாவது: ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு. கை புலியைத் தூக்குகிறது, நிற்கிறது, பழைய இடத்திலேயே வைக்கிறது. மூன்றாவது: ஆட்டுக்குப் பின்னால் ஆடு இருக்கிறது, ஆனால் பக்கத்துப் புள்ளி காலி. கை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் பின்வாங்குகிறது.

“புலி, ஆடு, காலி இடம். மூணும் ஒரே நேர்கோட்டுல, அடுத்தடுத்து இருந்தாத்தான் வெட்ட முடியும். ஒரு முறைக்கு ஒரு ஆடு.”

முடியாத இரண்டையும் காட்டுவதுதான் விதியின் எல்லையைத் தெளிவாக்கும். சரியானதை மட்டும் காட்டினால், எல்லையைப் பார்ப்பவர் தானே ஊகித்துக்கொள்வார், பெரும்பாலும் தவறாகத்தான்.

அதன்பின் 20 வினாடி: பதினைந்தாவது ஆடு இறங்கியதும் ஆடுகளும் புலியைப் போலவே ஒரு புள்ளி நகரலாம், ஆனால் எதையும் வெட்ட முடியாது. படத்தில் பதினைந்து ஆட்டையும் வைத்துக் காட்ட நேரமில்லை. கடைசி இரண்டை வைப்பதை மட்டும் காட்டினால் போதும்.

மீதியுள்ளது அடைப்பது. இதை நடுப்பலகையில் காட்டக் கூடாது. அங்கே கோடுகள் அதிகம், ஆடுகளும் நிறைய வேண்டும். அடிக்கோட்டின் மூலையில் ஒரு புலியை வையுங்கள். அங்கிருந்து அதற்கு இரண்டே வழிதான். இரண்டு வழியிலும் ஒவ்வோர் ஆடு. அடைபட்டதா? இல்லை, ஆட்டின் பின்னால் காலியாக இருப்பதால் புலி வெட்டித் தப்பிவிடும். ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்னால் இன்னோர் ஆட்டை வைத்தால், நான்கு ஆட்டில் புலி அடைபடும். சற்றுமுன் கற்ற வெட்டும் விதியே இங்கே மறுபக்கத்திலிருந்து வேலை செய்கிறது. புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதற்கு 40 வினாடி.

கடைசிப் பத்து வினாடியில் பலகை மறுபடியும் தொடக்க நிலைக்கு வர வேண்டும்: “புலிங்க தயார். முதல் ஆட்டை வைங்க.” விதிகளை மீண்டும் தொகுத்துச் சொல்ல வேண்டாம், அவை முதல் ஆட்டத்திலேயே மனத்தில் படிந்துவிடும். எங்கே ஆட்டை வைத்தால் பாதுகாப்பு, புலி எந்தப் பக்கம் போவது நல்லது என்ற உத்திகளுக்கும் இங்கே இடமில்லை. தோற்ற பிறகுதான் அவை புரியும், வேறொரு வீடியோவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

படமெடுக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கேமரா பலகைக்கு நேர் மேலே இருக்கட்டும்; சாய்வாக வைத்தால் பலகையின் வடிவம் சிதைந்து தெரியும், வெட்டும் விதியே பாழாகும். புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை என்று உருவத்திலும் அளவிலும் வேறுபட்ட காய்களை வைத்தால் கைபேசியின் சிறிய திரையிலும் பிரித்தறியலாம்.

எழுதியது சரியா என்று பார்க்க, இந்த ஆட்டமே தெரியாத இருவருக்கு வீடியோவைக் காட்டி, எதுவும் பேசாமல் ஆட விடுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், மரியாதைக்காவது தலையாட்டுவார்கள். அவர்கள் கையைப் பாருங்கள். யார் முதலில் என்று ஒருவரை ஒருவர் பார்த்தால் தொடக்கத்தில் ஒரு வரி குறைகிறது. புலி வளைந்து வெட்டினால் மூன்றாவது நிலை கண்ணில் பதியவில்லை. எங்கே கை தயங்குகிறதோ அங்கே இன்னும் ஐந்து வினாடி கொடுங்கள். யாரும் தயங்காத பகுதியிலிருந்து அந்த ஐந்து வினாடியை எடுத்துக்கொள்ளலாம்.