அதே பாதையில் இன்னொரு குழு நடக்க

“காலையில் புல்வெளிப் பாதைகளில் நடந்து வண்ணத்துப்பூச்சிகளை எண்ணினோம்.” ஆய்வறிக்கையின் செய்முறைப் பகுதியில் இவ்வளவு மட்டும் எழுதினால், இதை வைத்து இன்னொரு குழு அதே கணக்கெடுப்பைச் செய்ய முடியாது. ஏன்? வெயிலில் உடல் சூடேறிய பிறகே வண்ணத்துப்பூச்சி நன்றாகப் பறக்கும். 8 மணிக் கணக்கும் 11 மணிக் கணக்கும் வேறுபட்டால், மாறியது பூச்சிகளா, நேரமா என்று தெரியாது.

எப்படித் திருத்துவது? “குலுக்கல் முறையில் 6 இடங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒவ்வொன்றிலும் 500 மீட்டர் நேர்ப்பாதை. இரு முனைகளின் ஜிபிஎஸ் புள்ளிகள் அட்டவணையில் உள்ளன. இருபுறமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டருக்குள் தெரிந்தவற்றை மட்டும், ஒருவரே 30 நிமிடம் சீராக நடந்து எண்ணினார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஒருமுறை, 11 முதல் 3 மணிக்குள். மழையிலும் பலத்த காற்றிலும் நடக்கவில்லை.”

குலுக்கலைக் குறிப்பிடாவிட்டால், பூ நிறைந்த இடங்களாகப் பொறுக்கினீர்களோ என்ற ஐயம் எழும். தவறிய வாரங்களையும் மறைக்காமல் எழுதுங்கள்.