இரண்டாயிரமாவது பக்கம் ஏன் தாமதமாகிறது?

விக்கிப்பீடியாவில் பலமுறை திருத்தப்பட்ட ஒரு கட்டுரையைத் திறந்து, அதன் வரலாற்றுப் பக்கத்துக்குப் போனால் யார், எப்போது திருத்தினார்கள் என்ற நீண்ட பட்டியல் வரும். அதில் புதியவற்றுக்கும் பழையவற்றுக்கும் நகர இணைப்புகள் உண்டு. ஒரேயடியாகக் கடைசிக்குத் தாவவும் வழி உண்டு. 1, 2, 3 என்று பக்க எண்கள் மட்டும் இருக்காது. பழைய திருத்தங்களுக்கான இணைப்பைச் சொடுக்கிவிட்டு முகவரியைப் பார்த்தால் இந்த வடிவில் ஒரு துண்டு தெரியும்:

```
action=history&offset=20240115083012|3890123&limit=50
```

முதல் 14 இலக்கங்கள் ஒரு நேரம்: 2024 ஜனவரி 15, 8 மணி 30 நிமிடம் 12 வினாடி. கோட்டுக்கு அடுத்திருப்பது அந்தத் திருத்தத்தின் எண். "இந்தத் திருத்தத்துக்கு முந்தைய ஐம்பதைக் கொடு" என்பதுதான் கோரிக்கை. இது எத்தனையாவது பக்கம் என்று சர்வருக்குத் தெரியாது; தெரியவேண்டிய தேவையும் இல்லை. இந்த முறைக்குக் கணினித் துறையில் கீசெட் என்று பெயர்.

பெரும்பாலான இணையதளங்களும் செயலிகளும் பட்டியலைப் பக்கம் பிரிப்பது இப்படியல்ல. ஓர் இணையக் கடையின் ஆர்டர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 50 ஆர்டர், புதியது மேலே. 2,001-ஆம் பக்கத்தைக் கேட்டால் தரவுத்தளத்துக்கு இந்தக் கட்டளை போகும்:

```sql
SELECT * FROM orders
ORDER BY created_at DESC, id DESC
LIMIT 50 OFFSET 100000;
```

முதல் ஒரு லட்சம் வரிசைகளை விட்டுவிட்டு அடுத்த 50-ஐக் கொடு என்று பொருள். விட்டுவிடுவது என்றால் தாண்டிக் குதிப்பது என்றுதான் எவருக்கும் தோன்றும். தரவுத்தளத்தால் அப்படிக் குதிக்க முடியாது. அந்த ஒரு லட்சம் வரிசைகளையும் முறைப்படி எடுத்து, எண்ணி, தூக்கிப் போட்டுவிட்டுத்தான் நமக்கு வேண்டிய ஐம்பதுக்கு வரும். தவிர்க்கப்படும் வரிசைகளையும் சர்வர் கணக்கிட்டே ஆகவேண்டும், பெரிய ஆஃப்செட் திறன் குறைந்ததாக இருக்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் அதிகாரபூர்வ ஆவணமே எச்சரிக்கிறது.

இண்டெக்ஸ் இருக்கும்போதும் ஏன் இப்படி? தமிழ் அகராதியில் 'தேர்' என்ற சொல்லைத் தேடினால் சில புரட்டல்களில் கண்டுபிடித்துவிடலாம். அதே அகராதியின் 40,000-ஆவது சொல் எது என்று கேட்டால் முதலிலிருந்து எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. இண்டெக்ஸும் அப்படித்தான். ஒரு மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை நொடியில் சொல்லும். ஒரு வரிசை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற கணக்கு வழக்கமான இண்டெக்ஸில் கிடையாது.

கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் போஸ்ட்கிரெஸில் அந்தக் கட்டளைக்கு முன்னால் `EXPLAIN ANALYZE` சேர்த்து ஓட்டலாம். மேலே `Limit` என்ற வரியில் `rows=50` என்று இருக்கும். அதற்குக் கீழே, அட்டவணையைப் படித்த வரியின் உண்மையான எண்ணிக்கை `rows=100050`. கொடுத்தது ஐம்பது, படித்தது ஒரு லட்சத்து ஐம்பது. மனிதர்கள் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை என்று இதை ஒதுக்கிவிடுவது பெரும் தவறு. தேடுபொறிகளின் தானியங்கிகளும், முழுப் பட்டியலையும் இறக்கிக்கொள்ளும் நிரல்களும் ஒன்றாம் பக்கத்தில் தொடங்கிக் கடைசிவரை போகும். 2,001 பக்கங்களையும் ஒரு நிரல் வரிசையாகக் கேட்டால், ஒரு லட்சம் சொச்சம் ஆர்டர்களைக் கொடுக்க சர்வர் மொத்தம் பத்துக் கோடி வரிசைகளைப் படித்திருக்கும்.

தாமதத்தைவிட மோசமான இன்னொரு குறையும் உண்டு. ஒருவர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது புதிதாக ஓர் ஆர்டர் வந்தால் பட்டியல் ஒரு படி கீழே நகரும். அப்போது முதல் பக்கத்தின் கடைசி ஆர்டர் இரண்டாம் பக்கத்தின் தலையில் மீண்டும் வரும். ஏதாவது ஒன்று நீக்கப்பட்டால் நேர்மாறாக, ஓர் ஆர்டர் எந்தப் பக்கத்திலும் வராமலே போகும். கணக்கு எடுப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

கீசெட் முறையில், காட்டிய கடைசி ஆர்டரின் நேரமும் எண்ணும் அடுத்த கோரிக்கையோடு போகின்றன:

```sql
SELECT * FROM orders
WHERE (created_at, id) < ('2024-03-11 18:42:07', 918204)
ORDER BY created_at DESC, id DESC
LIMIT 50;
```

`(created_at, id)` என்ற ஜோடிக்கு ஒரு இண்டெக்ஸ் இருந்தால் தரவுத்தளம் நேரே அந்த இடத்தில் இறங்கி, அங்கிருந்து ஐம்பதைப் படித்து நின்றுவிடும். இரண்டாம் பக்கமும் இரண்டாயிரமாவது பக்கமும் ஏறக்குறைய ஒரே வேலை. இடையில் மேலே எத்தனை புதிய ஆர்டர்கள் வந்தாலும் கவலையில்லை. தொடங்கும் இடம் அசையாது. இன்னும் பக்கம் இருக்கிறதா என்பதை அறிய, ஐம்பதுக்குப் பதில் 51 வரிசைகளைக் கேட்டு, ஐம்பத்தோராவது வந்ததா என்று பார்த்தால் போதும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி இதைத்தான் செய்கிறது.

நேரம் மட்டும் போதாதா, எண் எதற்கு என்ற கேள்வி எழும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே வினாடியில் மூன்று ஆர்டர்கள் பதிவாகி, அவற்றில் ஒன்றோடு பக்கம் முடிந்தது என்று வையுங்கள். நேரத்தை மட்டும் ஒப்பிட்டால் மற்ற இரண்டும் அடுத்த பக்கத்தில் காணாமல் போகும். சமக்குறி சேர்த்து ஒப்பிட்டால் மூன்றும் திரும்பி வரும். எந்த இரண்டு வரிசைகளுக்கும் பொதுவாக இல்லாத ஓர் எண் கூட இருந்தால்தான் வரிசை ஐயமில்லாமல் நிற்கும்.

இதிலும் நுணுக்கமான ஒரு தவறு உண்டு. போஸ்ட்கிரெஸ் நேரத்தை வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குவரை சேமிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் `Date` ஆயிரத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்கிறது. கடைசி ஆர்டரின் நேரம் `18:42:07.123456` என்றால், அது உலாவிக்குப் போய்த் திரும்பும்போது `18:42:07.123` ஆகிவிடலாம். இடையில் விழுந்த ஆர்டர்கள் சத்தமில்லாமல் தவறிப்போகும். சோதனையில் இது சிக்காது. ஆர்டர்கள் குவியும் நாளில்தான் வெளிப்படும். நேரத்தைத் தேதியாக மாற்றாமல், தரவுத்தளம் தந்த எழுத்துக்களாகவே கொண்டுபோய்க் கொண்டுவருவது பாதுகாப்பானது. வரிசைப்படுத்தும் பத்தியில் வெற்று மதிப்பு, அதாவது `NULL`, இருந்தாலும் இதேபோல் வரிசைகள் மறையும்.

இந்த முறை கேட்கும் விலை, பக்க எண். '137-ஆம் பக்கத்துக்குப் போ' என்பது இனி முடியாது. அடுத்தது, முந்தையது என்றுதான் நகரலாம். ஆனால் 137-ஆம் பக்கம் வேண்டும் என்று யாரும் உண்மையில் தேடுவதில்லை. போன மார்ச் மாத ஆர்டர்கள் வேண்டும் என்றுதான் தேடுவார்கள். அதற்குத் தேதியைக் கேட்டு அந்த இடத்தில் இறக்கிவிடுவது பக்க எண்ணைவிட நல்ல விடை. சில நூறு வரிசைகளைத் தாண்டாத பட்டியல் என்றால் ஆஃப்செட்டே போதும், மாற்ற வேண்டியதில்லை.

பெரிய அமைப்புகள் ஆழத்துக்கு ஒரு சுவரையே எழுப்பியிருக்கின்றன. எலாஸ்டிக்சர்ச் தேடல் மென்பொருள் இயல்பாக 10,000 முடிவுகளுக்கு அப்பால் இந்த முறையில் போகவிடாது. அதற்குமேல் வேண்டுமானால் கீசெட் பாணியில் இயங்கும் `search_after` இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் சேவையில் இந்த மாற்றத்தைச் செய்வதில் தரவுத்தளக் கட்டளை எளிய பகுதி. `page=2` என்று கேட்டுப் பழகிய செயலிகளை எல்லாம் திருத்தவைப்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே புதிதாக ஒரு பட்டியலை அமைப்பவர்கள், அது வளரும் என்று தெரிந்தால், முதல் நாளே கீசெட்டில் தொடங்கிவிடுவது நல்லது.